மொட்டைமாடியில் ஒரு போலாரிமீட்டரும் கஞ்சி போட்ட துண்டும்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஒருநாள் ராத்திரி வேதியியல் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "அப்பா, ஆல்ஃபா குளுக்கோஸ் 112, பீட்டா குளுக்கோஸ் 18.7, தண்ணில கரைச்சா ரெண்டும் 52.7-ல போய் நிக்கும்னு போட்டிருக்கு. இதை யாராவது கண்ணால பாத்திருக்காங்களா, இல்ல எல்லாரும் எழுதி எழுதிப் போட்டதா?"

கல்லூரியில் படித்தபோது நான் பார்த்திருக்கிறேன். அது பித்தளைக் குழாயும் சோடியம் விளக்கும் வைத்த பழைய போலாரிமீட்டர். ஒரு கரைசல் தன் வழியாகப் போகும் ஒளியின் அதிர்வுத் திசையை எத்தனை டிகிரி திருப்புகிறது என்று அளக்கும் கருவி. மகள் சொன்ன எண்களும் அந்தத் திருப்பத்தைத்தான் குறிக்கின்றன. வீட்டில் அதற்கு எங்கே போவது? ஆனால் அடுத்த வாரம் லீவு. செய்துதான் பார்ப்போமே என்று இறங்கிவிட்டேன். ஆரம்பித்தது குளுக்கோஸில், முடிந்தது ஒரு புது ஈரிழைத் துண்டில். இடையில் என்ன நடந்தது, எங்கே சொதப்பினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கருவி. தேவையானது மூன்றே சாமான்: ஒரே நிறத்துக்குப் பக்கமான வெளிச்சம், அந்த வெளிச்சத்தின் அதிர்வை ஒரு திசைக்குள் அடக்கும் போலராய்டு தாள் இரண்டு, நடுவில் கரைசல் நிற்கும் குழாய். புத்தகத்தில் இருக்கும் எண்கள் எல்லாம் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு, அதாவது 589 நானோமீட்டருக்கு உள்ளவை. கடையில் கிடைக்கும் மஞ்சள் எல்.இ.டி. ஏறக்குறைய 590-ல் ஒளிர்கிறது. அதனால் மஞ்சளையே வாங்கினேன். சிவப்பு லேசரை வைத்துச் செய்கிறவர்களும் உண்டு. அதில் சுழற்சி புத்தக எண்ணைவிடக் குறைவாக வரும், பச்சையில் கூடுதலாக வரும். அந்த விஷயம் தெரியாமல் செய்தால், எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று வீணாகக் குழம்புவோம்.

குழாய்க்கு முக்கால் இன்ச் பிவிசி பைப். அடியில் மைக்ரோஸ்கோப் கண்ணாடித் துண்டை மீன்தொட்டிக்குப் பூசும் சிலிக்கானால் ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். குழாயைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துவிட்டால் மேலே மூடி தேவையில்லை. கீழேயிருந்து வெளிச்சம், மேலேயிருந்து கண். கரைசல் சரியாக 20 சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும், அதற்கு உள்ளே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அடிக்குப் பிளாஸ்டிக் மூடி போட வேண்டாம். வார்த்தெடுத்த பிளாஸ்டிக்கில் இருக்கும் உள் இழுவிசையே போலராய்டுகளுக்கு நடுவில் வானவில் காட்டி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

போலராய்டு தாளில்தான் முதல் அடி. சினிமா தியேட்டரில் கொடுத்த முப்பரிமாணக் கண்ணாடி ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் இரண்டு கண்களையும் கழற்றி ஒன்றைக் கீழே, ஒன்றை மேலே வைத்தேன். மேலே உள்ளதைத் திருப்பினேன், திருப்பினேன், ஒரு சுற்று முழுக்கத் திருப்பினேன். இருட்டே வரவில்லை. அந்தக் கண்ணாடியில் இருப்பது சாதாரண போலராய்டு இல்லை. அதன் ஒரு முகத்தில், ஒளியை வட்டமாகச் சுழலவைக்கும் இன்னொரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறது. அந்தப் படலம் தண்ணீர்ப் பக்கம் இருந்தால் திருப்புவதில் அர்த்தமே இல்லை. இரண்டு கண்ணையும் முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தால் நாலு விதமாக அடுக்கலாம். அதில் ஒரே ஒரு விதத்தில்தான் திருப்பும்போது நல்ல இருட்டு வரும். அந்த விதத்தில் ஒன்றையொன்று பார்க்கும் முகங்கள் இரண்டும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். பேனாவால் அந்த முகங்களில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன், பிரச்சினை தீர்ந்தது.

மேல் தாளை ஒரு முழுவட்டக் கோணமானியின் நடுவில் ஒட்டி, ஓரத்தில் ஒரு ஊசி. வெறும் தண்ணீர் ஊற்றி இருட்டு வரும் இடத்தைப் பூஜ்ஜியமாக வைத்தேன். ஒரு சின்ன வித்தை: "முழு இருட்டு எங்கே" என்று தேடினால் கண் ஏமாற்றும். இருட்டுக்கு இந்தப் பக்கம் லேசாக வெளிச்சம் வரும் இடத்தையும், அந்தப் பக்கம் அதே அளவு வெளிச்சம் வரும் இடத்தையும் குறித்துக்கொண்டு நடுவை எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் அரை டிகிரிக்குள் வந்துவிடும்.

குளுக்கோஸ் மருந்துக்கடையில் வாங்கியது. முதல் பாக்கெட் வைட்டமினும் கால்சியமும் சேர்த்தது. கரைத்ததும் மோர் மாதிரிக் கலங்கிப்போய் வெளிச்சமே மேலே வரவில்லை. ஆரஞ்சு வாசனை போட்டதும் ஆகாது, அதில் வேறு சர்க்கரையும் புளிப்பும் இருக்கும். வெறும் டெக்ஸ்ட்ரோஸ் மோனோஹைட்ரேட் என்று போட்டதைத் தேடி வாங்க வேண்டும். அது படிகத்தில் ஒரு குளுக்கோஸுக்கு ஒரு தண்ணீர் மூலக்கூறு வைத்திருப்பது. அதனால் 20 கிராம் குளுக்கோஸ் வேண்டுமானால் 22 கிராம் நிறுக்க வேண்டும். இதைவிட முக்கியம், இந்தப் படிகம் முழுக்க ஆல்ஃபா வடிவம். அதனால்தான் இந்தச் சோதனையே சாத்தியம்.

முதல் ஓட்டத்தில் சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீரில் போட்டுக் கலக்கி, ஆறவைத்து ஊற்றினேன். ஊசி 21-ல் நின்றது. பத்து நிமிடம் கழித்தும் 21. அரை மணி கழித்தும் 21. மகள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதையும் இல்லை.

தப்பு வெந்நீரில்தான். ஆல்ஃபா பீட்டாவாக மாறும் இந்த மாற்றம் சூட்டில் படுவேகமாக நடக்கும். சாதாரணத் தண்ணீரில் ஒரு மணி நேரம் எடுப்பது, கொதிக்கிற தண்ணீரில் கலக்கி முடிப்பதற்குள் முடிந்துவிடும். நான் குழாயில் ஊற்றியது ஏற்கெனவே ஓடி முடித்த கரைசல்.

இரண்டாவது தடவை அறை வெப்பநிலைத் தண்ணீர். 22 கிராமைப் போட்டு மொத்தம் 100 மில்லி வருகிற மாதிரி வேகமாகக் கலக்கினேன். டம்ளர் கையில் சில்லென்று இருந்தது, குளுக்கோஸ் கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் பட்ட நொடியிலிருந்து கடிகாரம். முதல் அளவீட்டுக்கு நாலு நிமிடம் ஆகிவிட்டது.

நாலாவது நிமிடத்தில் 42 டிகிரி. மேலேயிருந்து பார்க்கிற நமக்கு வலப்பக்கம், கடிகார முள் சுற்றும் திசை. பத்தில் 38. இருபதில் 33. முப்பதில் 29. நாற்பத்தைந்தில் இருபத்தைந்தரை. ஒரு மணி நேரத்தில் இருபத்துமூன்றரை. ஒன்றரை மணியில் 22. மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது 21. அதற்கப்புறம் அசையவில்லை.

குழாயில் யாரும் எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவும் இல்லை. நிறம் மாறவில்லை. ருசி மாறவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று ராத்திரி முழுக்க இடம் மாறிக்கொண்டிருந்திருக்கிறது. 1846-லேயே துப்ரன்ஃபோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைக் கவனித்திருக்கிறார். அப்போது குளுக்கோஸ் ஒரு வளையம் என்றே யாருக்கும் தெரியாது.

எண்களோடு கொஞ்சம் விளையாடினோம். இறுதி நிலை 21. இருபதாவது நிமிடத்தில் அதற்கு மேல் 12 டிகிரி இருந்தது. அது பாதியாகி 6 ஆக ஏறத்தாழ 38-ஆவது நிமிடம், 3 ஆக 56-ஆவது நிமிடம். ஒவ்வொரு பாதிக்கும் பதினெட்டு நிமிடம். மாடியில் அன்றைக்கு 30 டிகிரி வெயில். 25 டிகிரி ஏ.சி. அறையில் செய்திருந்தால் அரை மணிக்குப் பக்கமாக எடுத்திருக்கும். கோட்டைப் பின்னால் நீட்டினால், தண்ணீர் பட்ட நொடியில் 45 இருந்திருக்க வேண்டும். புத்தக எண் 1 டெசிமீட்டர் குழாய்க்கும் மில்லிக்கு 1 கிராம் கரைசலுக்கும் உள்ளது. நம் குழாய் 2 டெசிமீட்டர், கரைசல் மில்லிக்கு 0.2 கிராம், பெருக்கினால் 0.4. 45-ஐ 0.4-ஆல் வகுத்தால் 112.5. கடைசி 21-ஐ வகுத்தால் 52.5. புத்தக எண் இரண்டும் பிவிசி பைப்புக்குள்ளிருந்து வந்துவிட்டது.

52.7 என்பதிலிருந்தே உள்ளே யார் எத்தனை பேர் என்று கணக்குப் போடலாம். ஆல்ஃபாவின் பங்கு `x` என்றால்:

```
112 x + 18.7 (1 - x) = 52.7
x = 34.0 / 93.3 = 0.364
```

நூற்றுக்கு 36 ஆல்ஃபா, 64 பீட்டா. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

எப்படி மாறுகிறது? குளுக்கோஸ் ஐந்து கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த ஆறு மூலை வளையம். தட்டையானது இல்லை, சாய்வு நாற்காலி மாதிரி வளைந்தது. ஒவ்வொரு கார்பனிலும் கை நீட்ட இரண்டு இடம்: ஒன்று நேர் மேலே அல்லது கீழே நிற்கும் செங்குத்து இடம், இன்னொன்று வெளிப்பக்கமாகச் சாய்ந்த பக்கவாட்டு இடம். பீட்டா குளுக்கோஸில் பெரிய கைகள் ஐந்துமே பக்கவாட்டில் சௌகரியமாக நீட்டியிருக்கின்றன. ஆல்ஃபாவில் எல்லாம் அதேதான், முதல் கார்பனில் உள்ள ஓஎச் மட்டும் கீழ்நோக்கிச் செங்குத்தாகத் தொங்குகிறது. வித்தியாசம் இந்த ஒரு கைதான். அந்த முதல் கார்பனிலிருந்துதான் வளையம் அவிழும். அவிழ்ந்து நீளச் சங்கிலியாகும்போது முதல் கார்பன் தட்டையாகிவிடுகிறது. திரும்ப மூடும்போது கை மேலே போகலாம், கீழே போகலாம். எந்த நேரத்திலும் அவிழ்ந்த நிலையில் இருப்பவை ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் எல்லா மூலக்கூறும் அந்த வாசல் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

வாசல் திறக்க ஒரு புரோட்டானைக் கொடுத்து வாங்க ஆள் வேண்டும். காரம் இந்த வேலைக்கு அசகாய சூரன். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, அந்தத் தெளிவில் ஒரு டீஸ்பூன் எடுத்து அடுத்த ஓட்டத்தின் தண்ணீரோடு சேர்த்தேன். நாலாவது நிமிடத்தில் முதல் அளவீடு எடுக்கும்போதே ஊசி 22-ல். ஒரு மணி நேர வேலையை ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு முடித்துவிட்டது. அதை ராத்திரி முழுக்க அப்படியே வைக்காதீர்கள். காரத்தில் குளுக்கோஸ் மெல்ல வேறு சர்க்கரைகளாக மாற ஆரம்பிக்கும், கரைசலும் மஞ்சளாகும்.

அடுத்து செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஓட்டம். சாதாரணச் சீனி 20 கிராம். ஊசி இருபத்தாறரைக்கும் 27-க்கும் நடுவில் நின்றது. ஒரு மணி நேரம் கழித்தும் அங்கேதான், மறுநாள் காலையும் அங்கேதான். சுண்ணாம்புத் தெளிவு சேர்த்தும் அசையவில்லை. சீனியில் குளுக்கோஸின் முதல் கார்பன் ஃபிரக்டோஸோடு கை கோத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. ஃபிரக்டோஸின் கையும் அதே பூட்டுக்குள். அந்தக் கை இன்னொரு மூலக்கூறைப் பிடித்துவிட்டால் அதுதான் கிளைக்கோசைடிக் பிணைப்பு. அதற்கப்புறம் வளையம் அவிழாது. ஆல்ஃபாவாகப் பிடித்தது ஆல்ஃபாவாகவே இருக்கும், பீட்டாவாகப் பிடித்தது பீட்டாவாகவே. தனியாக இருக்கும்போது மணிக்கணக்கில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும் அதே கை, பிடித்தபிறகு கல்லில் எழுதியதாகிவிடுகிறது. ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் பிரியும் இடம் இதுதான்.

"அப்போ அரிசியும் பஞ்சும் ஒரே குளுக்கோஸ்தானா?" என்றாள். ஆமாம். இரண்டிலும் முதல் கார்பன் அடுத்த குளுக்கோஸின் நாலாம் கார்பனைப் பிடித்திருக்கிறது. ஸ்டார்ச்சில் ஆல்ஃபாவாக, செல்லுலோஸில் பீட்டாவாக. (ஸ்டார்ச்சின் பெரும்பகுதியான அமைலோபெக்டினில் அங்கங்கே ஆறாம் கார்பனிலிருந்து கிளையும் உண்டு. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

இதைப் படமாக வரைந்தால் யாருக்கும் புரியாது. தீப்பெட்டி அட்டையை அறுகோணமாக இருபது வெட்டினோம். ஒவ்வொன்றிலும் ஐந்தாம் கார்பன் இருக்கும் மூலையில் ஒரு குண்டூசி. நாலாம் கார்பன் பக்கவாட்டில் பிடிக்கிறது, அது மாறாது. முதல் கார்பன் ஆல்ஃபாவாக இருந்தால் செங்குத்தாகப் பிடிக்கிறது. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் பக்கவாட்டு. அப்போது ஒவ்வொரு அட்டையும் முந்தைய அட்டைக்குக் கொஞ்சம் திரும்பித்தான் உட்கார முடியும். எல்லா அட்டையிலும் திருப்பம் ஒரே பக்கம். பத்து அட்டை கோக்கும்போதே அது சுருள் படிக்கட்டு மாதிரி வளைந்துவிட்டது. ஸ்டார்ச்சின் நீளச் சங்கிலிப் பகுதியான அமைலோஸில் நிஜமாகவே ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ், நடுவில் காலி உருளை.

பீட்டாவில் இரண்டு பக்கமும் பக்கவாட்டுப் பிடி. ஆனால் அந்தப் பிடி சரியாக வர, ஒவ்வொரு அடுத்த அட்டையையும் குப்புறக் கவிழ்த்துப் போட வேண்டியிருக்கிறது. குண்டூசி ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று மேலே. கவிழ்த்துக் கவிழ்த்துப் போட்டதால் ஒன்றின் திருப்பத்தை அடுத்தது நேர்செய்கிறது. இருபது அட்டையும் ஸ்கேல் மாதிரி நேராகப் போனது. பக்கத்துப் பக்கத்து குளுக்கோஸுகளுக்கு இடையில் மூன்றாம் கார்பனின் ஓஎச், அடுத்த வளையத்தின் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்வதால் அந்த நேர்கோடு முறுக்கவும் முடியாது. நேரான நாடாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்கலாம். பாய் பின்னுகிற மாதிரி. சுருள்களை அப்படி நெருக்கி அடுக்க முடியாது, இடைவெளியில் தண்ணீர் புகுந்துவிடும். சாதம் குழைவதும் பஞ்சு குழையாததும் இங்கேயிருந்துதான்.

சுருளுக்குள் காலி உருளை இருக்கிறதா என்று பார்க்க அயோடின் போதும். மருந்துக்கடை போவிடோன் அயோடினையே தண்ணீரில் நீர்த்துப் பயன்படுத்தினேன். சோற்றுக் கஞ்சியை நன்றாக நீர்த்து ஒரு சொட்டு விட்டால் கருநீலம். அயோடின் சங்கிலியாகச் சுருளுக்குள் நுழைந்து உட்காருவதால் வரும் நிறம் அது. ஆனால் கஞ்சி சூடாக இருக்கும்போது விட்டால் நீலம் வராது. மகள் அயோடின் கெட்டுப்போச்சு என்றாள். ஆறியதும் தானாக நீலம் வந்தது. சூட்டில் சுருள் நெகிழ்ந்து அயோடினை விட்டுவிடுகிறது, ஆறும்போது மறுபடி சுற்றிக்கொள்கிறது.

பத்து மில்லி ஆறிய கஞ்சியில் ஒரு மில்லி எச்சில் சேர்த்தோம். (வாயைக் கொப்பளித்துவிட்டு, சும்மா உட்கார்ந்து சேர்த்த எச்சில். காப்பி குடித்தவுடன் வேண்டாம்.) வெள்ளைத் தட்டில் அயோடின் சொட்டுகளை வரிசையாக வைத்து, நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு சொட்டுக் கஞ்சி. கருநீலம், பிறகு ஊதா, பிறகு செம்பழுப்பு. எட்டாவது நிமிடத்தில் அயோடினின் மஞ்சள் தவிர வேறொன்றுமில்லை. சுருள் துண்டு துண்டாகி, அயோடினைப் பிடிக்கும் நீளம் போய்விட்டது. பூட்டில்லாத கை உள்ள சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும் பெனடிக்ட் கரைசலோடு கொதிநீரில் வைத்தால் செங்கல் நிறம் வந்தது, இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸ் உண்டாகிவிட்டது. எச்சில் சேர்க்காத கஞ்சியில் பெனடிக்ட் நீலமாகவே இருந்தது.

இப்போது பஞ்சு. பஞ்சில் நீலம் வரக்கூடாது, எச்சில் ஒன்றும் செய்யக்கூடாது. கைக்கு அகப்பட்டது சந்தையில் வாங்கி இன்னும் நனைக்காத ஒரு ஈரிழைத் துண்டு. சுத்தமான பருத்தி, சுத்தமான செல்லுலோஸ் என்று நினைத்து ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். பளிச்சென்று கருநீலம்.

ஒரு நிமிடம் தலை சுற்றிவிட்டது. இத்தனை நாள் படித்தது, மகளுக்குச் சொன்னது எல்லாம் பொய்யா? மனைவிதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "புதுத் துண்டுங்க. கஞ்சி போட்டிருப்பாங்க. ஒரு தடவ அலசாம யாராச்சும் எடுப்பாங்களா?"

அதேதான். தறியில் ஏற்றும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால்தான் நூல் பிசிறடிக்காமல் அறுந்துபோகாமல் ஓடும். கைத்தறியில் அரிசிக் கஞ்சி, விசைத்தறியில் மரவள்ளி, மக்காச்சோள மாவும் போடுவார்கள். நான் நீலமாக்கியது துண்டை அல்ல, துண்டின் மேல் பூசிய சோற்றை.

அப்போதுதான் தோன்றியது, இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒரே துணியில் ஒன்றன்மேல் ஒன்று. துண்டின் ஒரு ஓரத்தை மூன்று சதுரமாக நூல் கட்டிப் பிரித்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் எச்சில், ஒன்றில் கொதிக்கவைத்து ஆறிய எச்சில். ஈரம் காயாமல் பாலித்தீன் பையில் சுற்றி இரண்டு மணி நேரம். பிறகு மூன்றையும் ஒரே மாதிரி அலசி அயோடின். தண்ணீர்ச் சதுரமும் கொதித்த எச்சில் சதுரமும் கருநீலம். எச்சில் சதுரம் மட்டும் பழுப்பு மஞ்சள், அதுவும் அலசினால் போகிற சாயல். கையில் தொட்டால் அந்தச் சதுரம் மட்டும் மெத்தென்று இருந்தது. நூல் ஒன்றை உருவி இழுத்துப் பார்த்தேன், பக்கத்து நூலுக்கு இருந்த அதே பிடிப்பு. சோறு செரித்துவிட்டது, துணி அப்படியே.

துணி ஆலைகளில் இதைத் தினமும் செய்கிறார்கள். சாயம் ஏற்றும் முன் கஞ்சியை எடுக்கும் வேலைக்கு டீசைசிங் என்று பெயர். எச்சிலில் ஸ்டார்ச்சை வெட்டும் நொதிக்கு அமைலேஸ் என்று பெயர். அங்கே எச்சிலுக்குப் பதில் பாக்டீரியாவிலிருந்து எடுத்த அமைலேஸ், சூடு தாங்கும் வகை. வேலை அதே வேலை. அமிலத்தில் கஞ்சியை எடுக்கப் போனால் கவனம் தப்பினால் துணியும் வலுவிழக்கும். அமைலேஸுக்கு அந்தப் பயம் கிடையாது, அதன் பள்ளத்தில் ஆல்ஃபா வளைவு மட்டும்தான் உட்காரும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "மனிதனால் பீட்டா பிணைப்பை உடைக்க முடியாது, அதனால் புல் தின்ன முடியாது" என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லி முடிக்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. பாலில் உள்ள லாக்டோஸிலும் முதல் கார்பன் அடுத்ததன் நாலாம் கார்பனைப் பிடிக்கும் பீட்டா பிணைப்புதான். குழந்தையின் சிறுகுடல் அதை அழகாக வெட்டுகிறது. பிணைப்பு பீட்டா என்பது மட்டும் தடை இல்லை. செல்லுலோஸை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை என்பது ஒன்று. அந்த நேரான நாடாக்கள் தண்ணீருக்கே இடம் கொடுக்காமல் அடுக்கி நிற்பதால், நொதி வந்தாலும் பிடிக்க நுனி கிடைக்காது என்பது இன்னொன்று. மாட்டுக்கும் சொந்தமாக அந்த நொதி கிடையாது. இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்கின்றன, அதற்கே அசை போட்டு அரைத்து நாள்கணக்கில் ஊறவைக்க வேண்டியிருக்கிறது.

அடுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்டார்ச் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பச்சரிசி மாவை வேகவைக்காமல் தண்ணீரில் கரைத்து எச்சில் சேர்த்தேன். அரை மணி கழித்தும் நீலம் ஏறத்தாழ அப்படியே. பிணைப்பு அதே ஆல்ஃபாதான், ஆனால் ஸ்டார்ச் மணிகளுக்குள் இறுக்கமாக அடுக்கியிருக்கிறது. வெந்து குழைந்த பிறகுதான் எச்சிலுக்கு வழி. ஆறிய சோற்றில் ஒரு பங்கு மறுபடி அடுக்கிக்கொண்டு செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது என்பதும் இதே கதைதான்.

கடைசியாக ஒன்று முயன்று தோற்றேன். நம் எச்சில் நொதியின் பெயர் ஆல்ஃபா அமைலேஸ். ஆல்ஃபா பிணைப்பை வெட்டுவதால் அந்தப் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு. முளைகட்டிய தானியத்தில் இருக்கும் பீட்டா அமைலேஸும் வெட்டுவது அதே ஆல்ஃபா பிணைப்பைத்தான். பெயர் வந்தது வெட்டி விழும் துண்டின் கையை வைத்து. ஆல்ஃபா அமைலேஸ் வெட்டியதும் புதிதாக வெளியே வரும் கை ஆல்ஃபாவாகவே இருக்கும். பீட்டா அமைலேஸ் அதைப் பீட்டாவாகத் திருப்பி வெளியே விடும். வெளியே வந்த கை பூட்டில்லாத கை, அதனால் அது உடனே மியூட்டாரொடேஷனில், அதாவது குளுக்கோஸில் பார்த்த அதே ஆல்ஃபா-பீட்டா மாற்றத்தில், இறங்கிவிடும். வெட்டும்போதே போலாரிமீட்டரில் பார்த்து, சட்டென்று காரம் சேர்த்தால், ஆல்ஃபாவாக வந்திருந்தால் ஊசி இறங்க வேண்டும், பீட்டாவாக வந்திருந்தால் ஏற வேண்டும். 1920-களில் இப்படித்தான் இரண்டையும் பிரித்தறிந்தார்கள்.

கஞ்சி, எச்சில், சுண்ணாம்புத் தெளிவு மூன்றும் கையில் இருந்தன. கஞ்சியைத் துணியில் வடிகட்டி எச்சில் சேர்த்துக் குழாயில் ஊற்றினேன். ஒளி ஊடுருவ வேண்டுமானால் கஞ்சியை நூற்றுக்கு ஒரு கிராமுக்கும் கீழே நீர்க்க வேண்டியிருந்தது. அதில் மொத்தச் சுழற்சியே நாலு டிகிரிக்குள். சுண்ணாம்பு போட்டதும் இறங்க வேண்டியது அரை டிகிரிகூட வராது, என் ஊசியின் நிச்சயமே அரை டிகிரி. மூன்று தடவை செய்தேன். ஒரு தடவை இறங்கின மாதிரி இருந்தது, ஒரு தடவை ஏறின மாதிரி, மூன்றாவது தடவை சுண்ணாம்பு கலங்கி ஒன்றும் தெரியவில்லை. இதற்கு நீளமான குழாயும், கலங்காத தூய அமைலோஸும், நல்ல கருவியும் வேண்டும்.

துண்டில் இருந்த அயோடின் கறை ஒரு வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்துத் தேய்த்ததும் போய்விட்டது. ஒரு மூலை மட்டும் மற்ற இடங்களைவிட மிருதுவாக இருக்கிறது என்று மனைவி இரண்டு அலசல் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது அலசலுக்குப் பிறகு வித்தியாசம் தெரியவில்லை, மிச்சக் கஞ்சியும் போயிருக்கும்.